அந்த வசனம் தீர்ப்பு இல்லை

சோல்பரி யாப்பைப் பற்றிக் கதைக்கிற எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் ஆரோ ஒருவர் இதைச் சொல்லாமல் விடமாட்டார்: "29(2)ஐ ஒருபோதும் மாத்தேலாது எண்டு பிரிவி கவுன்சிலே தீர்ப்புச் சொல்லிட்டுது." உடனே எல்லாரும் தலையாட்டுவோம். போன மாதம் எங்கட பீடத்தில் நடந்த கலந்துரையாடலில் நானும் ஆட்டினேன். அறைக்கு வந்து தீர்ப்பை எடுத்து வாசித்த பிறகுதான் வெட்கமாக இருந்தது.

அது 1964இல் வந்த இலஞ்ச ஆணையாளர் எதிர் ரணசிங்க வழக்கு. ரணசிங்கவைக் குற்றவாளியாகக் கண்டது ஒரு இலஞ்ச நியாய சபை. அதன் உறுப்பினர்களை நியமித்தவர் மகாதேசாதிபதி. ஆனால் நீதி அலுவலர்களை நியமிக்கும் அதிகாரத்தை யாப்பின் 55ஆம் பிரிவு நீதிச்சேவை ஆணைக்குழுவுக்கே கொடுத்திருந்தது. யாப்போடு முரண்படும் சட்டம் கொண்டுவருவதென்றால் மூன்றில் இரண்டு பெரும்பான்மையும், அதை உறுதிப்படுத்தும் சபாநாயகரின் சான்றிதழும் வேண்டும். இந்தச் சட்டமூலத்தில் அந்தச் சான்றிதழ் இல்லை. ஆகவே நியமனம் செல்லாது, குற்றத்தீர்ப்பும் செல்லாது. வழக்கு இவ்வளவுதான்.

அந்தத் தீர்ப்பில்தான் பியர்ஸ் பிரபு 29(2)ஐயும் தொட்டுச் சென்றார். இன, மத சமூகங்களுக்குப் பாரபட்சமான சட்டத்தைத் தடுக்கிற அந்தப் பிரிவு, இலங்கையர் தங்களுக்குள் யாப்பை ஏற்றுக்கொண்டதன் அடிப்படை நிபந்தனை என்றும், அதனால் அந்த யாப்பின் கீழ் மாற்றமுடியாதது என்றும் சொன்னார். நாங்கள் தூக்கிப் பிடிக்கிறது இதைத்தான்.

முன்தீர்ப்புக் கோட்பாட்டில், மேல் நீதிமன்றம் ஒன்றின் தீர்ப்பில் இருக்கிற எல்லா வசனமும் கீழ் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. முடிவுக்கு எந்தக் காரணம் தேவைப்பட்டதோ அதுதான் கட்டுப்படுத்தும். சட்டம் படிக்கிற ஆக்கள் அதை 'ரேஷியோ' என்பார்கள். போகிற போக்கில் சொன்ன மிச்சமெல்லாம் 'ஒபிட்டர்'. எது எது என்று பார்க்கப் பழைய சோதனை ஒன்று இருக்கு: வசனத்தைத் தலைகீழாக்கிப் பாருங்கோ, முடிவு மாறுதா?

செய்து பார்ப்போம். '29(2)ஐ மாற்றலாம்' என்று பியர்ஸ் பிரபு எழுதியிருந்தால்? சான்றிதழ் அப்போதும் இல்லை. ரணசிங்க அப்போதும் விடுதலைதான். இப்ப 'சான்றிதழ் தேவையில்லை' என்று மாற்றுங்கோ. நியமனத்தை வீழ்த்திய காரணமே போய்விடும். ஆக, சான்றிதழ்தான் ரேஷியோ. எங்கட வசனம் ஒபிட்டர்.

29(2)ஐப் பற்றிய ரேஷியோ வேறெங்கோ இருக்கு, அதை நாங்கள் கதைக்கிறதே இல்லை. 1953இல் கோடகன் பிள்ளை வழக்கு. மலையகத் தமிழரின் பிரசாவுரிமையையும் அதன் வழியாக வாக்குரிமையையும் பறித்த சட்டங்கள் 29(2)ஐ மீறுகின்றனவா என்பதே அங்கே கேள்வி. மறைமுகமாகப் பாரபட்சம் காட்டும் சட்டமும் மீறலாகலாம் என்று அதே பிரிவி கவுன்சில் ஒத்துக்கொண்டது. ஆனால் இவை பிரசாவுரிமை பற்றிய சட்டங்கள், யார் பிரசை என்று தீர்மானிப்பது சட்டவாக்க சபையின் இயல்பான வேலை என்று சொல்லி மேன்முறையீட்டைத் தள்ளியது. இதைத் தலைகீழாக்கினால் முடிவும் தலைகீழாகும். கட்டுப்படுத்தியது இதுதான்.

"ஒபிட்டர் எண்டாலும் பிரிவி கவுன்சில் சொன்னது தானே, பெறுமதி இல்லையோ?" என்று கேட்பீர்கள். இருக்கு. பின்னால் வருகிற நீதிபதி அதை எடுத்துத் தன் முடிவுக்குக் காரணமாக்கலாம். அதற்குப் பொருத்தமான வழக்கு ஒன்று வரவேணும். வந்தது. சிங்களத் தேர்ச்சிப் பரீட்சையில் சித்தியடையாததால் சம்பள உயர்வு மறுக்கப்பட்ட எழுதுவினைஞர் கோடீஸ்வரன் போட்ட வழக்கு. அரச கரும மொழிச் சட்டம் 29(2)ஐ மீறுகிறது என்று 1964இல் மாவட்ட நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உயர் நீதிமன்றமோ, அரச ஊழியர் சம்பளத்துக்காக வழக்குப் போடவே முடியாது என்று சொல்லி 29(2)ஐத் தொடாமல் விட்டது. 1969இல் பிரிவி கவுன்சில் அந்தக் காரணத்தை நிராகரித்து, யாப்புக் கேள்வியைத் தீர்மானிக்கும்படி வழக்கைத் திருப்பி அனுப்பியது. அந்தத் தீர்மானம் வரவேயில்லை. 1972 குடியரசு யாப்பு வந்தது, 29ஆம் பிரிவு இல்லாமல் போனது.

ஒபிட்டரைத் தீர்ப்பு என்று கொண்டாடுவது சும்மா ஒரு சொற்பிழை என்று நான் நினைக்கேல்லை. அது எங்களுக்கு ஒருகாலத்தில் பாதுகாப்பு இருந்தது போலவும், 1972இல்தான் அது பறிபோனது போலவும் ஒரு கதையைத் தருது. மலையகத் தமிழருக்கு அந்தப் பாதுகாப்பு 1953இலேயே கைகொடுக்கவில்லை. அடுத்த கூட்டத்தில் ஆராவது பியர்ஸ் பிரபுவைச் சொன்னால், கோடகன் பிள்ளையையும் சேர்த்துச் சொல்லச் சொல்லிக் கேளுங்கோ.