மூணு போதும், பத்து எதுக்கு?

முகத்துக்குப் பூச ஏதாவது வாங்கலாம் என்று கடைக்குப் போனால், இப்போதெல்லாம் பத்து புட்டியைத் தலையில் கட்டிவிடுகிறார்கள். என் நாத்தனாருக்கும் ஒரு கடைப் பெண்ணுக்கும் நடந்த பேச்சை அப்படியே எழுதுகிறேன்.

"முகம் கழுவ ஒண்ணு, ஈரப்பசைக்கு ஒரு க்ரீம், வெயிலுக்கு சன்ஸ்கிரீன். மூணு மட்டும் குடும்மா."

"இப்ப பத்து ஸ்டெப் மேடம். கழுவுறதே ரெண்டு தரம். அப்புறம் ஸ்க்ரப், டோனர், எசென்ஸ், சீரம்..."

"டோனர் எதுக்கு?"

"ஃபேஸ்வாஷ் போட்டா தோல் வறண்டுடும். அதைச் சரிக்கட்ட."

"வறட்டாத ஃபேஸ்வாஷா குடுத்துட்டா சரிக்கட்டவே வேணாமே?"

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். "சரி, சீரமாவது எடுத்துக்கங்க. காலையில வைட்டமின் சி, ராத்திரி ரெட்டினால், நடுவுல ஆசிட் பீலிங்."

"எல்லாத்தையும் ஒண்ணா ஆரம்பிச்சு, நாலாம் நாள் முகம் எரிஞ்சா எது ஒத்துக்கலைன்னு எப்படிம்மா கண்டுபிடிக்கிறது?"

பதில் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, "இவ்வளவு விக்கணும்னு எங்களுக்குக் கணக்கு இருக்குக்கா" என்றாள் மெதுவாக.

"உன் மேல தப்பில்லம்மா. மூணையும் நல்லதா பார்த்துக் குடு."

அதன்பின் வாசனை சேர்க்காத ஃபேஸ்வாஷும் க்ரீமும், எஸ்.பி.எஃப். 30-க்கு மேல் உள்ள சன்ஸ்கிரீனும் அவளே தேடி எடுத்துக் கொடுத்தாள்.

நாத்தனார் கேட்டது நியாயமான கேள்வி. ரெட்டினாலும் ஆசிட்டும் சேர்ந்தால் பலருக்குத் தோலின் மேல்பூச்சு கெட்டுப்போகும். முகம் கழுவியதும் இழுத்துப் பிடிப்பது, வழக்கமாகப் போடும் க்ரீமே எரிவது, செதில் உரிவது இதற்கு அடையாளம். உடனே எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, மிதமான ஃபேஸ்வாஷும் சாதாரண க்ரீமும் மட்டும் வைத்துக்கொண்டால் பெரும்பாலும் சில வாரங்களில் சரியாகும். கர்ப்பிணிகள் ரெட்டினால் பக்கமே போகக் கூடாது.

புதிதாக ஒன்று வேண்டுமென்றால் அதை மட்டும் வாங்கி, முழங்கையின் உள்பக்கம் தினமும் ஒரே இடத்தில் ஒரு வாரம் தடவிப் பாருங்கள். அரிப்போ சிவப்போ இல்லையென்றால் பிறகு முகத்துக்குப் போடலாம்.

மூன்றில் நாம் கஞ்சத்தனம் பண்ணுவது சன்ஸ்கிரீனில்தான். பொட்டளவு தடவினால் பயனில்லை. ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கி, முகத்துக்கும் கழுத்துக்கும் பூச வேண்டும். வெயிலிலேயே இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மறுபடியும் பூச வேண்டும்.

மங்கு, ஆறாத பரு இவற்றுக்கு மூன்றும் போதாது, பத்தும் போதாது. பத்து புட்டிக்குக் கொடுக்கும் பணத்தில் தோல் டாக்டரையே பார்த்துவிடலாம்.

- ஓர் இல்லத்தரசி, தஞ்சாவூர்.