15 விநாடி கேக் வீடியோ: க்ரீமுக்கு 2 விநாடி போதும், அட்வான்ஸுக்கு 3 கொடுங்க

வார நாள்ல ஆபீஸ், சனி ஞாயிறுல கேக் ஆர்டர். நம்ம வாசகர்கள்ல இப்படிப் பண்றவங்க நிறைய பேர். அதுல ஒருத்தங்க, சென்னையில வேலை பார்க்கிறவங்க, போன மாசம் ஒரு 15 விநாடி வீடியோவுக்கு ஸ்கிரிப்ட் எழுதி அனுப்பி, "சரியா இருக்கா பாருங்க"ன்னு கேட்டாங்க. அழகா இருந்தது. ஆனா 11 விநாடி க்ரீம் தடவுறதுலயே போயிடுச்சு. ஆர்டர் எப்படிக் கொடுக்கணும், பணம் எப்போ கட்டணும்னு அதுல ஒண்ணுமே இல்ல.

அவங்க கணக்கைக் கேட்டதும் எனக்குப் பிரச்சினை புரிஞ்சது. ஒரு கிலோ கேக் 1,000 ரூபாய். சாமான், டப்பா, கேஸ், கரண்ட் எல்லாம் சேர்த்து செலவு 450. கையில நிக்கிறது 550. மாசம் 8 கேக்னா 4,400 ரூபாய். அந்த மாசம் ரெண்டு பேர் கடைசி நேரத்துல "வேண்டாம்"னுட்டாங்க. பேர் எழுதின கேக்கை வேற யாருக்கு விக்கிறது? மீதி 6 கேக்ல வந்த 3,300-ல, வீணான ரெண்டுக்குமான செலவு 900 போக, நின்னது 2,400. ரெண்டு பேர்கிட்டயும் ஆளுக்கு 500 முன்பணம் வாங்கியிருந்தா 3,400 நின்னிருக்கும்.

"ஏன் வாங்கல?"ன்னு கேட்டேன். "ஒருத்தர் எங்க டீம், இன்னொருத்தங்க சித்தி பொண்ணு. எப்படிங்க கேக்கிறது?"

இதுதான் விஷயம். வீட்ல கேக் பண்றவங்களுக்கு முதல் கஸ்டமர் எல்லாம் தெரிஞ்சவங்கதான். முகத்துக்கு நேரா பணம் கேக்க வாய் வராது. அதை நமக்காகக் கேக்க வேண்டியது அந்த வீடியோ. எல்லாருக்கும் பொதுவா சொல்லிட்டா அது கடை வழக்கம் ஆயிடும், யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க. நாங்க மாத்தி எழுதின ஸ்கிரிப்ட் இது:

0–3: வாட்ஸ்அப் திரை, ஒரு மெசேஜ் வருது. குரல்: "சனிக்கிழமை கேக் வேணுமா? வியாழன் ராத்திரிக்குள்ள சொல்லுங்க."

3–7: அந்த மெசேஜ் பெரிசாத் தெரியுது. குரல்: "தேதி, எடை, ஃப்ளேவர், பேர், எல்லாம் ஒரே மெசேஜ்ல." திரையில எழுத்து: முட்டையா, எக்லெஸ்ஸா?

7–10: போன்ல பணம் வந்த அறிவிப்பு. குரல்: "பாதிப் பணம் வந்தாதான் ஆர்டர் உறுதி."

10–12: க்ரீம் தடவுறது. குரல் வேண்டாம்.

12–15: திறந்த டப்பாவுல கேக், மூடி, வண்டிக்காரர் கையில. குரல்: "மூடுறதுக்கு முன்னாடி வீடியோ. பாக்கி வந்ததும் வண்டி."

மொத்தம் 25 சொல்லுக்குள்ளதான். இதுக்கு மேல சேர்த்தா ஓடி ஓடிப் பேசணும், கேக்கிறவங்களுக்கு எதுவும் நிக்காது. படம் எடுக்கும்போது நிஜ கஸ்டமரோட மெசேஜைக் காட்டாதீங்க. வீட்ல இன்னொரு போன்ல இருந்து ஒரு மெசேஜும் ஒரு ரூபாயும் அனுப்பச் சொல்லி அதை எடுங்க. தொகையும் நம்பரும் தெரியாம மறைச்சிடுங்க.

கடைசி 3 விநாடியும் முக்கியம். பார்சல் எடுத்துட்டுப் போறவர் பாக்கி வாங்கித் தர மாட்டார், அதனால வண்டி புக் பண்றதுக்கு முன்னாடியே கணக்கு முடியணும். மூடுறதுக்கு முன்னாடி எடுத்த வீடியோ, கேக் நசுங்கிப் போனா, நம்ம வீட்ல இருந்து எப்படிக் கிளம்பிச்சுன்னு காட்டும். வழியில நடந்ததுக்கு யார் பொறுப்புங்கிறது ஆர்டர் எடுக்கும்போதே பேசி வைக்க வேண்டியது. மே மாச வெயில்ல க்ரீம் கேக்கை ரொம்ப தூரம் பைக்ல அனுப்பவே கூடாது. எத்தனை கிலோமீட்டர் வரைக்கும், டெலிவரி காசு யாரோடது, உங்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவு எண் என்ன, இதெல்லாம் வீடியோவுக்குக் கீழ எழுதுங்க. 15 விநாடிக்குள்ள திணிக்காதீங்க.

"அட்வான்ஸ்னு சொன்னா ஆர்டர் குறையாதா?"ன்னு கேப்பீங்க. குறையலாம். ஆனா மேல இருக்கிற கணக்கைப் பாருங்க: அட்வான்ஸ் இல்லாம ஒரு ஆர்டர் வராம போனா 550 கிடைக்காது, அவ்வளவுதான். செஞ்ச பிறகு ரத்தானா, அந்த 550-உம் போய், கைக்காசு 450-உம் போகும். எனக்கு முதல் நஷ்டம் பரவாயில்ல.

வீடியோ வேலை செய்யுதான்னு லைக்கை வச்சுப் பார்க்காதீங்க. வர்ற முதல் மெசேஜைப் பாருங்க. "ஹாய், ரேட்?"னு மட்டும் வந்தா, ஸ்கிரிப்ட்டைத் திரும்ப எழுதணும். "சனி சாயங்காலம், ஒரு கிலோ, எக்லெஸ், அட்வான்ஸ் எந்த நம்பருக்கு?"ன்னு வந்தா, அந்த 15 விநாடி தன் வேலையைச் செஞ்சிடுச்சு.