வட்டார வழக்கும் நூல் வழக்கும்

ஒரு மொழியின் வட்டார வழக்குகள் பலவற்றுள் ஒன்று மட்டும் நூல் வழக்காக உயர்வது எவ்வாறு? அவ்வழக்கு இயல்பிலேயே சிறந்தது என்பர் சிலர். ஆங்கில மொழியின் வரலாறு அக்கூற்றை மறுக்கின்றது.

இங்கிலாந்தில் முதல் அச்சுக்கூடத்தை 1476ஆம் ஆண்டில் நிறுவியவர் வில்லியம் காக்ஸ்டன். 1490ஆம் ஆண்டளவில் தாம் அச்சிட்ட நூலொன்றின் முன்னுரையில் அவர் ஒரு நிகழ்ச்சியைக் கூறுகின்றார். காற்று வீசாமையால் தேம்சு ஆற்றில் கப்பல் நின்றுவிடவே, வணிகர் சிலர் கரையேறினர். அவருள் ஒருவர் ஓர் இல்லத்தில் முட்டை வேண்டி, 'எக்ஸ்' என்று வடபுலச் சொல்லாற் கேட்டார். இல்லத்தாளோ, தனக்குப் பிரெஞ்சு மொழி தெரியாது என்றாள். அம்மொழி அறியாத வணிகர் சினங்கொண்டார். மற்றொருவர் 'எய்ரென்' என்று தென்புலச் சொல்லாற் கேட்ட பின்னரே அவளுக்குப் பொருள் விளங்கிற்று. இவற்றுள் எதனை எழுதுவது என மயங்கினார் காக்ஸ்டன்.

அரசும் வாணிகமும் இலண்டனைச் சூழ்ந்திருந்தமையால், அந்நகர் வழக்கே அரசாங்க ஏடுகளிலும் அச்சிலும் ஏறிற்று. பின்னர்ப் பள்ளிகளும் அகராதிகளும் அதனை நிலைபெறச் செய்தன. அதன் உயர்வுக்குக் காரணம் இடமும் செல்வாக்குமே அன்றிச் சொல்லின் இனிமை அன்று. அவ்வழக்கும் பிற வட்டாரச் சொற்களை ஏற்றே வளர்ந்தது. தென்புல 'எய்ரென்' மறைந்தது. வடபுல 'எக்' நிலைத்தது.

தொலைவில் உள்ளார் ஒருவரையொருவர் அறிதற்குப் பொது வழக்கு வேண்டுவதே. ஆயினும், அதனைக் கற்றோர் வட்டாரச் சொல்லை இழிசொல் என எள்ளுதல் தகாது. அன்று அவ்வில்லத்தாள் அயன்மொழி எனக் கருதிய சொல்லே இன்று ஆங்கில நூல்களின் சொல்லாய் விளங்குகின்றது.