குடோனில் பிக்கர் டூ பிளானர்: பழவேற்காடு இளைஞர்கள் கத்துக்க வேண்டியது என்ன?

பழவேற்காடு மீனவ கிராமங்களுக்குத் தெற்கே காட்டுப்பள்ளி, எண்ணூர் என 2 துறைமுகங்கள் இருக்கின்றன. அந்தச் சரக்கை நம்பி இயங்கும் குடோன்களில் புதுசா சேருபவருக்குப் பெரும்பாலும் முதலில் கிடைப்பது பிக்கர் வேலைதான். ஸ்கேனர் காட்டும் ரேக்கில் இருந்து பொருளை எடுத்துக் கொடுக்கணும். பலர் இதிலேயே நின்றுவிடுவது ஏன்?

ஸ்கிரீனில் 50 பெட்டி, ரேக்கில் 44தான் இருக்கு என வைத்துக்கொள்வோம். மீதி 6 எங்கே? வேறு ரேக்கில் மாறிப்போச்சா, ஸ்கேன் பண்ணாமலே லாரியில் ஏறிடுச்சா? பில்லையும் ரேக்கையும் ஒப்பிட்டு இதைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவருக்குத்தான் ஸ்டாக் கணக்கு வேலை வரும்.

அடுத்த படி பிளானர். தினமும் 40 பெட்டி விற்குது, ஆர்டர் போட்டால் வர 5 நாள் ஆகும் என்றால் 200 பெட்டி தேவை. லாரி தாமதமானால் சமாளிக்க, 2 நாளுக்கு 80. ஆக, இருப்பு 280க்கு இறங்கியதுமே ஆர்டர் போடணும். இந்தக் கணக்கை எக்ஸெலில் போடப் பழகலாம். ஆனால் ரேக்கில் எண்ணியது தப்புன்னா, பிளானும் தப்புதான். அதனால், வேலையில் சேரும்போதே கேளுங்கள்: ஸ்டாக் எண்ணும் வேலையும் கத்துத் தருவீங்களா?