எறும்பு எழுத்தில் ஒரு கும்பிடு

நண்பர் ஒருவர் மியூச்சுவல் ஃபண்ட் விநியோகஸ்தர். முதலீடு பற்றித் தமிழில் நன்றாகவே எழுதுவார். கட்டுரைகளின் அடியில் போட ஒரு பொறுப்புத் துறப்பு எழுதித் தரச் சொன்னார். ஏற்கெனவே ஒன்று வைத்திருந்தார்: பொடி எழுத்தில், ஆங்கிலத்தில், எங்கோ வெளிநாட்டிலிருந்து எடுத்து ஒட்டியது. அதில் செபி என்ற பெயரே இல்லை. கட்டுரையோ, “இந்தப் பங்கை 240-க்கு வாங்கலாம், இலக்கு 310, ஸ்டாப் லாஸ் 225” என்கிறது. அடியில், இது கல்வி நோக்கத்துக்கு மட்டுமே, ஆலோசனை அல்ல என்று ஒரு கும்பிடு.

இந்தக் கும்பிடு யாரையும் காப்பாற்றியதில்லை. செபி பார்ப்பது செய்த காரியத்தை. அதற்கு வைத்த பெயரை அல்ல. ‘பாப் ஆஃப் சார்ட்’ என்ற பெயரில் பங்குச் சந்தை வகுப்பு நடத்தியவர் மீது 2023 அக்டோபரில் செபி இடைக்கால உத்தரவு போட்டது. கல்வி என்ற போர்வையில், பதிவு பெறாமல், வாங்கு, வில் என்று பரிந்துரை தந்தார் என்பது அதன் முதற்கட்ட முடிவு. வசூலித்ததில் சுமார் 17.2 கோடி ரூபாயைத் தனிக் கணக்கில் கட்டச் சொன்னது. ஆகவே நண்பரிடம் முதலில் சொன்னது, 240-ஐயும் 310-ஐயும் எடுத்துவிடுங்கள் என்பதுதான். மேலே இருக்கும் வரியைக் கீழே இருக்கும் வரியால் திருத்த முடியாது.

இதையே மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூனில் விளம்பரங்களுக்கு விதியாக்கியது. துறப்பு ஒரு கூற்றை விளக்கலாம், அதற்கு முரணாகப் பேசக் கூடாது. முக்கியமான தகவலை மறைக்கக் கூடாது. கூற்று எந்த மொழியிலோ அதே மொழியில், அதே எழுத்துருவில் இருக்க வேண்டும். கட்டுரைகளுக்கும் இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை. தமிழில் ஆசை காட்டிவிட்டு ஆங்கிலத்தில் கை கழுவுவது என்ன நியாயம்?

நான் எழுதிக் கொடுத்தது இது:

“நான் மியூச்சுவல் ஃபண்ட் விநியோகஸ்தர், என் ARN எண் கீழே உள்ளது. செபியில் பதிவு பெற்ற முதலீட்டு ஆலோசகரோ ஆய்வாளரோ அல்ல. இங்கே இருப்பது பொதுத் தகவல். உங்கள் வயது, கடன், வருமானம் எதுவும் தெரியாமல் எழுதியது. என் மூலம் ரெகுலர் திட்டத்தில் பணம் போட்டால் எனக்குக் கமிஷன் வரும். டைரக்ட் திட்டத்தில் அந்தக் கமிஷன் கிடையாது. வரி விவரங்கள் இந்தியாவில் வசிப்பவர்களுக்கானவை. கடைசியாகச் சரிபார்த்த தேதி கட்டுரையின் தலைப்பிலேயே இருக்கிறது. உங்களுக்கென்று திட்டம் வேண்டுமானால் செபியில் பதிவு பெற்ற ஆலோசகரைப் பாருங்கள். அவரது பதிவெண் INA என்று தொடங்கும், அதைச் செபியின் பட்டியலில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.”

தேதி எதற்கு என்றார். அவருடைய பழைய கட்டுரை ஒன்றையே எடுத்துக் காட்டினேன். பட்டியலிட்ட பங்குகளை ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து விற்றால், ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட லாபத்துக்கு 10 சதவீத வரி என்று அதில் இருந்தது. எழுதியபோது சரிதான். 2024 ஜூலை பட்ஜெட்டில் விலக்கு 1.25 லட்சம், வரி 12.5 சதவீதம் என்று மாறிவிட்டது. மூன்று லட்சம் லாபம் பார்த்தவர் பழைய கணக்கில் 20,000 ரூபாய் எடுத்து வைப்பார். கட்ட வேண்டியதோ 21,875. செஸ் தனி. பெரிய வித்தியாசம் இல்லைதான். ஆனால் “தகவல்கள் மாறக்கூடும்” என்ற பொதுவான வரியால் இது அவருக்குத் தெரிந்திருக்காது. தேதி இருந்தால் சந்தேகமாவது வரும்.

கமிஷன் பற்றிய வரியில்தான் நண்பர் தயங்கினார். டைரக்ட் பற்றி நானே சொல்ல வேண்டுமா என்றார். படிப்பவருக்கு இந்தத் துறப்பிலேயே அதிகம் பயன்படும் வரி அதுதான். எழுதுபவரின் வருமானம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரிந்தால், மற்றதை வாசகரே எடைபோட்டுக்கொள்வார். அந்த வரி கட்டுரையின் முதல் பத்திக்கு மேலே போக வேண்டும் என்றும் சொன்னேன். அதற்கு இன்னும் பதில் வரவில்லை.

மருத்துவக் குறிப்பு எழுதுகிறவர்களுக்கோ துறப்பு நிற்கும் இடம்தான் எல்லாமே. “சர்க்கரை நோயாளிகள் விரதம் இருக்கலாமா” என்று எழுதிவிட்டு, கடைசியில் “மருத்துவரை அணுகவும்” என்றால் அதைப் படிக்க யாரும் காத்திருப்பதில்லை. இன்சுலின் போடுபவர்கள் டாக்டரிடம் கேட்காமல் விரதம் இருக்கக் கூடாது, சாப்பிடாமல் போட்டால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம் என்ற வாக்கியம் விரத யோசனையின் பக்கத்திலேயே நிற்க வேண்டும். படபடப்பு, வியர்வை, கை நடுக்கம் வந்தால் உடனே சர்க்கரைத் தண்ணீர் குடியுங்கள், மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிடுங்கள் என்பதும் அங்கேயே.