வரைபடத்தைச் சரிபார்க்க விடைத்தாள் தேவையில்லை

பொறியியல் வரைபடம் பயிலும் மாணவர்களில் பலர், பயிற்சியை முடித்ததும் முதலில் தேடுவது விடைத்தாளைத்தான். தாங்கள் வரைந்ததை அதன் பக்கத்தில் வைத்துக் கோட்டுக்குக் கோடு ஒப்பிடுகிறார்கள். விட்டுப்போன கோட்டைச் சிவப்பு மையில் சேர்த்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்கள். இதைச் சரிபார்ப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இதில் தவறு தெரிகிறது, ஆனால் அதை எப்படிக் கண்டுபிடித்திருக்கலாம் என்பது தெரிவதில்லை. தேர்வு மண்டபத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க விடைத்தாளும் இருக்காது.

நான் இயந்திரப் பொறியியல் இரண்டாம் ஆண்டு மாணவர். வார இறுதிகளில் படிவம் நான்கு, ஐந்து மாணவர்களுக்கு இந்தப் பாடத்தில் உதவி வருகிறேன். அவர்களின் தாள்களில் பொருளின் வடிவமே தவறிப்போவதை அரிதாகத்தான் காண்கிறேன். அடிக்கடி காண்பவை இரண்டு. ஒன்று, மறைகோடுகள் விட்டுப்போவது. மற்றொன்று, முன்தோற்றத்தில் ஓர் அளவும் பக்கத்தோற்றத்தில் வேறோர் அளவும் இருப்பது. இவ்விரண்டையும் விடைத்தாள் இல்லாமலேயே பெரும்பாலும் பிடித்துவிடலாம். முன்தோற்றமும் பக்கத்தோற்றமும் ஒரே பொருளைப் பற்றிப் பேசும் இரண்டு சாட்சிகள். ஒன்று சொல்வதை வைத்து மற்றொன்றை விசாரிக்கலாம்.

மறைகோடு ஏன் விட்டுப்போகிறது?

கேள்வியில் பொருளின் ஐசோமெட்ரிக் படம் இருக்கும். அந்தப் படத்தில் பின்னால் மறைந்துள்ள விளிம்புகளைப் பெரும்பாலும் காட்டமாட்டார்கள். மாணவர் அதைப் பார்த்தபடியே வரைகிறார். கண்ணுக்குத் தெரிந்த விளிம்புகள் தாளுக்கு வந்துவிடுகின்றன, தெரியாதவை வருவதில்லை. வரைந்து முடித்தபின் மீண்டும் அதே படத்தைப் பார்த்துச் சரிபார்த்தாலும் கண் அதே விளிம்புகளைத்தான் பார்க்கும். ஆகவே, சரிபார்க்கும்போது கேள்விப் படத்தைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, ஒரு தோற்றத்தை இன்னொரு தோற்றத்தோடு ஒப்பிட வேண்டும்.

ஓர் உதாரணத்தோடு பார்ப்போம். எல்லா அளவுகளும் மில்லிமீட்டரில். 'L' வடிவத் தாங்கி ஒன்று. அதன் அடித்தட்டு 100 நீளம், 60 அகலம், 30 உயரம். இடது ஓரத்தில் 25 தடிப்புள்ள சுவர் ஒன்று நிற்கிறது. தரையிலிருந்து சுவரின் மொத்த உயரம் 80. சுவரின் குறுக்கே, இடமிருந்து வலமாக, 24 விட்டமுள்ள துளை முழுதாகக் கடந்து செல்கிறது. அதன் மையம் தரையிலிருந்து 55 உயரத்தில் உள்ளது. அடித்தட்டின் மேற்பரப்பில் 16 விட்டத்தில், 14 ஆழத்தில் இன்னொரு துளை. அது அடிவரை போகவில்லை. அடித்தட்டின் கீழே, நடுவில், 20 அகலமும் 8 ஆழமும் கொண்ட பள்ளம் ஒன்று இடமிருந்து வலம்வரை ஓடுகிறது.

இதை முதற்கோண முறையில் வரைகிறோம் என்று வைத்துக்கொள்வோம். அம்முறையில், இடப்பக்கத்திலிருந்து பார்க்கும் தோற்றம் முன்தோற்றத்திற்கு வலப்பக்கத்தில் அமையும். இரண்டும் ஒரே மட்டத்தில் இருப்பதால், ஒன்றில் உள்ள உயரம் மற்றொன்றிலும் அதே மட்டத்தில் இருந்தாக வேண்டும். சரிபார்ப்பு முழுவதும் இந்த ஓர் உண்மையின் மீதுதான் நிற்கிறது.

மேலிருந்து கீழே இறங்குங்கள்

டி-ஸ்கொயரைத் தாளின் குறுக்கே வைத்து, மேலிருந்து மெதுவாகக் கீழே இறக்குங்கள். ஏதாவது ஒரு தோற்றத்தில் கோடோ வட்டத்தின் விளிம்போ தட்டுப்படும் ஒவ்வோர் இடத்திலும் நின்று, மற்றத் தோற்றத்தில் அதே உயரத்தில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள்.

80இல் சுவரின் உச்சி இரண்டிலும் இருக்கிறது. அடுத்து 67க்கு வருகிறோம். பக்கத்தோற்றத்தில் வட்டத்தின் மேல்விளிம்பு அங்கே இருக்கிறது, ஏனெனில் 55உடன் ஆரம் 12ஐக் கூட்டினால் 67. எனவே முன்தோற்றத்தில், சுவரின் 25 தடிப்புக்குள், 67இல் ஒரு மறைகோடு வேண்டும். 43இல் இன்னொன்று வேண்டும். இவற்றின் நடுவே 55இல் மையக்கோடு ஓட வேண்டும். ஒரு தோற்றத்தில் துளை வட்டமாகத் தெரிந்தால், அதே துளை மற்றத் தோற்றங்களில் இரண்டு இணைகோடுகளாக இருந்தாக வேண்டும். வட்டம் இருந்து இணைகோடுகள் இல்லையென்றால், எதுவோ விட்டுப்போயிருக்கிறது.

அடுத்து 30. என் மாணவர்கள் அதிகம் தவறவிடுவது இந்த மட்டத்தைத்தான். முன்தோற்றத்தில் அடித்தட்டின் மேற்பரப்பு 30இல் தெளிவான கோடாகத் தெரிகிறது. இடப்பக்கத் தோற்றத்திலோ சுவர் முன்னால் நின்று அதை மறைத்துவிடுகிறது. ஆகவே அங்கே 30இல், 60 அகலம் முழுவதும், ஒரு மறைகோடு வேண்டும். பலர் அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிடுகிறார்கள். அப்படி விட்டால், அந்தத் தோற்றம் சுவரின் பின்னால் அடித்தட்டு எந்த உயரத்தில் முடிகிறது என்பதைச் சொல்லாமலேயே நின்றுவிடும். அதே பொருளை வலப்பக்கத்திலிருந்து பார்த்து வரைந்தால், 30இல் உள்ள கோடு தெளிகோடாக மாறிவிடும். எனவே எந்தப் பக்கத் தோற்றம் கேட்கப்பட்டது என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

16இல் அடிவரை போகாத துளையின் அடிமட்டம் இருக்கிறது. 30இலிருந்து 14 ஆழம் இறங்கினால் 16. இது இரண்டு தோற்றங்களிலும் மறைகோடுதான். துளைப்பானின் முனை கூம்பு வடிவம் என்பதால் அதற்குக் கீழே 120 பாகைக் கூம்பும் வரும். கடைசியாக 8. பக்கத்தோற்றத்தில் பள்ளம் தெளிகோட்டில் திறந்த வாயாகத் தெரிகிறது. முன்தோற்றத்தில் அதே 8 உயரத்தில், 100 நீளம் முழுவதும், ஒரு மறைகோடு ஓட வேண்டும்.

இதே வேலையை முன்தோற்றத்திற்கும் மேல்தோற்றத்திற்கும் இடையே, செட் ஸ்கொயரை நிமிர்த்தி வைத்து, இடமிருந்து வலமாகச் செய்யலாம். பக்கத்தோற்றத்தின் அகலத்தை 45 பாகைக் கோட்டின் வழியாக மேல்தோற்றத்தோடு ஒப்பிடலாம்.

எண்கள் முரண்படும்போது

கோடுகள் எல்லாம் சரியாக இருந்தும் அளவுகள் சண்டையிடலாம். மேற்சொன்ன தாங்கியின் முன்தோற்றத்தில், துளையின் மையம் தரையிலிருந்து 55 என்று ஒருவர் எழுதுகிறார். பக்கத்தோற்றத்தில், உச்சியிலிருந்து மையம்வரை 30 என்று எழுதுகிறார். தனித்தனியே பார்த்தால் எதுவும் தவறாகத் தெரியாது. ஆனால் மொத்த உயரம் 80. அதில் 30ஐக் கழித்தால் 50தான் வரும். இரண்டு எண்களில் ஒன்று பொய்.

எங்கள் பல்கலைக்கழகப் பட்டறையில் ஒரு குழு கொண்டுவந்த வரைபடத்தில் இப்படித்தான் முரண் இருந்தது. பட்டறைப் பொறுப்பாளர் இயந்திரத்தைத் தொடவே இல்லை. “எந்த எண்ணை நம்பித் துளை போடுவது?” என்று கேட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவர் பார்க்காமல் துளைத்திருந்தால், மையம் 5 மில்லிமீட்டர் தள்ளிப்போயிருக்கும். தண்டு எதிர்த்துளைக்குள் போயிருக்காது.

இந்த முரண் பெரும்பாலும் அக்கறையால்தான் வருகிறது. பாதுகாப்புக்காக என்று நினைத்து ஒரே அளவை இரண்டு தோற்றங்களிலும் எழுதுகிறார்கள். பிறகு ஒன்றைத் திருத்தும்போது மற்றதை மறந்துவிடுகிறார்கள். ஓர் அளவை ஒரே இடத்தில் மட்டும், அந்த அம்சம் தெளிவாகத் தெரியும் தோற்றத்தில் எழுத வேண்டும் என்ற விதி இதற்காகத்தான் இருக்கிறது. சரிபார்க்கும்போது ஒவ்வொரு திசையிலும் துண்டு அளவுகளைக் கூட்டி மொத்த அளவோடு ஒப்பிடுங்கள். அடித்தட்டு 30, அதற்குமேல் சுவர் 50, மொத்தம் 80. கூட்டல் ஒத்துவராவிட்டால் வரைபடம் தானே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். பிறகு அளவுகோலை வைத்து, எழுதிய எண்ணும் வரைந்த நீளமும் ஒத்திருக்கின்றனவா என்று பாருங்கள். 1:2 அளவில் வரைபவர்கள் வெளிவடிவத்தைப் பாதியாக்கிவிட்டுத் துளையின் விட்டத்தை முழு அளவிலேயே வரைந்துவிடுவதுண்டு.

இந்த முறைக்கும் எல்லை உண்டு

கேள்வியில் உள்ள 55ஐ 50 என்று தவறாகப் படித்து, எல்லாத் தோற்றங்களிலும் 50 என்றே வரைந்திருந்தால், தோற்றங்கள் ஒன்றையொன்று ஆமோதிக்கும். முரணில்லை என்பதால் சரி என்று ஆகிவிடாது. அதனால் கடைசியில் ஒருமுறை கேள்வியில் கொடுத்த எண்களை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வர வேண்டும். முன்தோற்றத்திலும் பக்கத்தோற்றத்திலும் 16 விட்டத் துளையையே மறந்திருந்தால், டி-ஸ்கொயர் அந்த மட்டத்தில் நிற்காது. மேல்தோற்றத்தில் துணையின்றி நிற்கும் வட்டம்தான் அதைச் சொல்லும்.

எதிர்பார்த்த மறைகோடு இல்லாத எல்லா இடமும் தவறும் அல்ல. தெளிகோடும் மறைகோடும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் தெளிகோட்டை மட்டுமே வரைவோம். மறைகோடும் மையக்கோடும் ஒன்றாக விழுந்தால் மறைகோட்டுக்கே முதலிடம். எனவே கோடு காணவில்லை என்றதும் அவசரமாகச் சேர்க்காமல், அது வேறொரு கோட்டுக்கு அடியில் இருக்கிறதா என்று பாருங்கள்.

கணினியில் வரையும் காலத்தில் இதெல்லாம் எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். முப்பரிமாண மாதிரியிலிருந்து மென்பொருள் தோற்றங்களை எடுக்கும்போது அவை ஒன்றோடொன்று ஒத்திருக்கும் என்பது உண்மை. ஆனால் மறைகோடுகளைக் காட்டாத அமைப்பைத் தேர்ந்தெடுத்தால் அவை மொத்தமாக மறைந்துவிடும். ஆட்டோகேட்டில் இருபரிமாணத்தில் வரைந்தால் ஒவ்வொரு கோட்டையும் நாமேதான் போட வேண்டும். அளவு எண்ணைக் கையால் மாற்றி எழுதவும் முடியும். அப்படி எழுதினால் எண் ஒன்று சொல்லும், கோடு வேறொன்று சொல்லும். அந்தத் தாளையும் யாராவது படித்துப் பார்க்கத்தான் வேண்டும்.

ஆசிரியர்களிடம் ஒன்று கேட்கிறேன். விடைத்தாளைக் கொடுப்பதற்கு முன் பத்து நிமிடம், மாணவர்கள் தாள்களை மாற்றிக்கொண்டு மட்டம் மட்டமாக விசாரிக்கட்டும். மறைகோடு நீக்கப்பட்ட வரைபடத்தைக் கொடுத்து, எந்த உயரத்தில் என்ன குறைகிறது என்று கேட்கும் பயிற்சிகளையும் சேர்க்கலாம். மாணவர்களும் ஆசிரியர் சொல்லும்வரை காத்திருக்க வேண்டாம். அடுத்த பயிற்சியை முடித்ததும் விடைப் பக்கத்தைத் திருப்பாமல், டி-ஸ்கொயரைத் தாளின் உச்சியில் வைத்துக் கீழே இறக்கத் தொடங்குங்கள்.