பின்சாய்ந்த கருப்பையும் பிள்ளைப்பேறும்

பெரும்பாலான பெண்களுக்குக் கருப்பை முன்பக்கமாக, சிறுநீர்ப்பையின் மேல் கவிந்திருக்கும். ஏறக்குறைய ஐவரில் ஒருவருக்கு அது முதுகுப்பக்கம் சாய்ந்திருக்கும். மலேசியாவில் இதை ‘ரஹிம் சொங்சாங்’ என்பார்கள். பல ஊர்களைப் போலவே சுங்கை பாக்காப்பிலும், கரு தங்கத் தாமதமானால் ஸ்கேன் அறிக்கையில் வரும் இந்த ஒரு வரியின் மேல் பழி விழுவதுண்டு.

கருப்பையின் வாய் திசைமாறி இருப்பதால் விந்து உள்ளே சேராது என்பது முதல் வாதம். விந்தணுக்கள் தாமாக நீந்துபவை. சில நிமிடங்களிலேயே கருப்பை வாயின் சளிக்குள் நுழைந்துவிடும். வாய் எப்பக்கம் பார்த்தாலும் அந்தச் சளியைத் தொடுவதே போதும். உறவுக்குப் பின் காலைத் தூக்கி வைத்துப் படுப்பதாலும் கூடுதல் பயன் இல்லை.

‘உருட் செங்காக்’ போட்டு, அதாவது அடிவயிற்றை மேல்நோக்கி நீவிவிட்டு, கருப்பையை நேராக்கலாம் என்பது அடுத்தது. ஒட்டாத கருப்பை சிறுநீர்ப்பை நிரம்பினாலே இடம் மாறும். ஆகவே நீவிய பின் ‘நேராகிவிட்டது’ என்பதற்கு அதிகப் பொருளில்லை. மேலைநாட்டு மருத்துவர்களும் ஒரு காலத்தில் இதே நம்பிக்கையில்தான் இருந்தார்கள். ஹாட்ஜ் வளையம் பொருத்தினார்கள், கருப்பையை இழுத்துத் தைத்தார்கள். சாய்வுக்காக மட்டும் செய்த அந்த அறுவைகள் பின்னர் வழக்கொழிந்தன.

இந்த நம்பிக்கையில் ஓர் உண்மை ஒளிந்திருக்கிறது. சில பெண்களுக்கு எண்டோமெட்ரியோசிஸோ பழைய தொற்றோ கருப்பையைப் பின்னால் ஒட்டவைத்துவிடும். மருத்துவர் விரலால் தள்ளினாலும் அது அசையாது. கடுமையான மாதவிடாய் வலி, உறவின்போது ஆழத்தில் வலி ஆகியவை இதன் அடையாளங்கள். இவர்களுக்குக் கருத்தரிப்பு தடைபட்டால் காரணம் அந்த நோய்தான். சாய்வு அதன் விளைவு. நீவிவிட்டால் ஒட்டுகள் பிரியாது. ஓராண்டு முயன்றும், வயது 35ஐத் தாண்டியவர்கள் ஆறு மாதம் முயன்றும், கரு தங்காவிட்டால் கணவன் மனைவி இருவரும் பரிசோதனைக்குப் போவதே முறை.

கருச்சிதைவு ஆகும் என்ற அச்சமும் அடிப்படையற்றது. தொடக்கச் சிதைவுகளில் ஏறத்தாழ பாதிக்குக் கருவின் குரோமோசோம் கோளாறே காரணம். ஆனால் ஆறேழு வாரத்தில் வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கும் ஸ்கேனில், பின்சாய்ந்த கருப்பைக்குள் கரு தெளிவாகத் தெரியாமல் போகலாம். ‘இதயத்துடிப்பு இல்லை’ என்று முடிவுகட்டுமுன் பிறப்புறுப்பு வழி ஸ்கேன் கேட்பது நல்லது.

வளரும் கருப்பை 12 முதல் 14 வாரத்துக்குள் இடுப்பெலும்புக் கூட்டைவிட்டுத் தானே மேலே எழும். அதன்பின் சாய்வால் பிரசவத்துக்கு இடைஞ்சல் இல்லை. சுமார் 3,000 கர்ப்பத்தில் ஒன்றில் மட்டும் அது எழ முடியாமல் உள்ளேயே சிக்கும். அப்போது கருப்பை வாய் முன்னே தள்ளப்பட்டுச் சிறுநீர்ப் பாதையை நெருக்கும். 14 வாரத்தையொட்டி அடிவயிறு வலித்து, சிறுநீர் வராமல் அடைத்தாலோ சொட்டுச் சொட்டாக வடிந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். முதலில் குழாய் வைத்துச் சிறுநீரை வெளியேற்றுவார்கள். பல வேளைகளில் அதற்குப் பிறகு கருப்பை தானே மேலெழும். எழாவிட்டால் முழங்காலையும் மார்பையும் படுக்கையில் ஊன்றிக் குனியச் சொல்வார்கள், அல்லது மருத்துவரே கையால் நகர்த்திவிடுவார்.